"ரெஸ்யூமேவை வைத்திருக்கிறோம்" என்று சொன்ன ரெக்ரூட்டருக்கு எப்போது, என்ன எழுதுவது? கேள்வி பதில்

மார்ச்சில் கடைசிச் சுற்று வரை போனேன், வேலை கிடைக்கவில்லை. "உங்கள் ரெஸ்யூமேவை ஃபைலில் வைத்திருக்கிறோம்" என்றார் ரெக்ரூட்டர். இப்போது ஜூன். என்ன எழுதலாம்? கணக்குப் பிரிவில் ஆறு வருட அனுபவம்.

இப்போதே எழுதலாம், 'இல்லை' என்று பதில் வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதினால் போதும். என்ன எழுதுவது என்பதற்கு முன், அந்த 'ஃபைல்' என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மேசை டிராயரில் யாருடைய ரெஸ்யூமேயும் இருக்காது, எல்லாம் ஒரு மென்பொருளில் பதிவாக இருக்கும். புது வேலை திறந்ததும் ரெக்ரூட்டர் அதில் சில சொற்களைப் போட்டுத் தேடுவார்: என்ன திறமை, எத்தனை வருடம், எந்த ஊர். நிறைய பெயர்கள் வந்தால், சமீபத்தில் புதுப்பித்த பதிவுகளைத்தான் முதலில் திறப்பார்.

உங்கள் பதிவில் இருப்பது மார்ச் மாதத்து நீங்கள். அதற்குப் பிறகு நீங்கள் எஸ்ஏபி கற்றுக்கொண்டிருந்தாலும் யாராவது எஸ்ஏபி என்று தேடும்போது உங்கள் பெயர் வராது. ஆகவே நீங்கள் எழுதும் மெயில் அந்தப் பதிவில் ஒரு வரியையாவது மாற்ற வேண்டும். "ஏதாவது வேலை வந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் அவருக்கு மாற்ற ஒன்றும் இருக்காது. தேடி எடுத்துப் பதில் சொல்லும் வேலைதான் அவர் தலையில் விழும்.

புது மெயில் தொடங்காதீர்கள். மார்ச்சில் அவர் அனுப்பிய கடைசி மெயிலுக்கே பதில் போடுங்கள். எந்த வேலை, எந்தச் சுற்று, அவரே என்ன சொன்னார் என்பதெல்லாம் கீழேயே இருக்கும். உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதானால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். மார்ச்சில் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்குக் கடைசிச் சுற்று வரை வந்தேன். அதற்குப் பிறகு மாதக் கணக்கு முடிக்கும் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்திருக்கிறது, எஸ்ஏபியிலும் வேலை செய்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைந்துவிட்டது. புதிய ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன், பழையதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி வேலையில்தான் இப்போதும் ஆர்வம்."

அவ்வளவு போதும். அதில் நோட்டீஸ் பீரியட் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை அவசரமாக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பதிவில் 90 நாள் என்று இருந்ததால் ஒருவரை நான் ஒதுக்கிவிட்டேன். அவர் அதற்கு முன்பே வேலையை விட்டு, மறுநாளே சேரத் தயாராக இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

மெயிலெல்லாம் எதற்கு? வேலைவாய்ப்புப் போர்ட்டலில் அதே ரெஸ்யூமேவை அடிக்கடி திரும்ப ஏற்றினால் மேலே வந்துவிடும் என்றான் நண்பன். அது போதும்தானே?

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பொதுப் போர்ட்டல்கள் பலவற்றில் புதுப்பித்த தேதி தேடலில் உதவும். ஆனால் உங்களை நேர்காணல் செய்த நிறுவனத்தின் பதிவு வேறு இடத்தில் இருக்கிறது, போர்ட்டலில் நீங்கள் ஏற்றுவது தானாக அங்கே போய்ச் சேராது.

சிலர் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே வேறொரு மெயில் முகவரியில் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். அதில் ஒரு இழப்பு இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் மெயில் முகவரியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். முகவரி மாறினால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். "கடைசிச் சுற்று வரை வந்தார், நன்றாகப் பேசினார்" என்ற குறிப்பு பழைய பதிவிலேயே தங்கிவிடும். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்தக் குறிப்புதான். அதனால் அதே முகவரி, அதே ஃபோன் எண். எண்ணை மாற்றிவிட்டீர்கள் என்றால் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே எழுதுங்கள்.

எனக்கு இன்டர்வியூ முடிந்து பத்து நாள் ஆகிறது, முடிவே சொல்லவில்லை. நானும் மூன்று மாதம் கழித்துத்தான் கேட்க வேண்டுமா?

இல்லை, உங்கள் விஷயம் வேறு. மேலே பேசுவது 'இல்லை' என்று பதில் வந்தவர்களைப் பற்றி. உங்களுக்கு அவர்கள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்ன தேதி தாண்டி இரண்டு வேலை நாள் ஆகியிருந்தால் இன்றே கேளுங்கள். தேதியே சொல்லவில்லை என்றாலும் பத்து நாளில் கேட்பது தவறில்லை.

நான் கன்சல்டன்சியில் ரெக்ரூட்டராக இருந்தவள். மூன்று மாதக் கணக்கு நிறுவனத்துக்குள் இருக்கும் ரெக்ரூட்டருக்குத்தான் பொருந்தும். எங்களுக்கு அது ரொம்ப நீளம், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எழுதலாம் என்பேன்.

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நிறுவனத்துக்குள் இருப்பவரிடம் ஒரு துறையில் வருடத்துக்கு இரண்டு மூன்று இடம் திறந்தாலே அதிகம். கன்சல்டன்சிக்காரர் பல நிறுவனங்களுக்கு ஆள் தேடுகிறார், வேலைகளும் சீக்கிரம் மாறும். ஆனால் ஆறு வாரத்தில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாதவர் என்ன எழுதுவார் என்பதுதான் என் தயக்கம். தீவிரமாகத் தேடுகிறவருக்கு ஆறு வாரம் சரி. இருக்கும் வேலையில் இருந்துகொண்டே பார்க்கிறவருக்கு மூன்று மாதம் போதும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

கன்சல்டன்சிக்கு எழுதும்போது இன்னொன்றும் சேருங்கள்: எந்தெந்த நிறுவனங்களுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்பது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாக உங்கள் ரெஸ்யூமே போனால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று சில நிறுவனங்கள் ஆளையே விட்டுவிடுகின்றன. "என்னைக் கேட்காமல் எங்கேயும் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுவதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

மூன்று தடவை எழுதிவிட்டேன், ஒன்பது மாதமாக ஒரு பதிலும் இல்லை. தொந்தரவு செய்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில் வராததை வைத்து அவர் படிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு ஏற்ற இடம் இல்லாதபோது ரெஸ்யூமேவை மட்டும் மாற்றி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். சரியா தப்பா என்றால் தப்புதான், ஒரு வரி பதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் நடப்பது அதுதான்.

முதலில் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று லிங்க்ட்இனில் பாருங்கள். இந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். மெயில் திரும்பி வராமல், யாரும் பார்க்காத பெட்டியில் விழுந்துகொண்டும் இருக்கலாம். அவர் மாறியிருந்தால் உங்கள் ரெஸ்யூமே பழைய நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கும், அதை அவர் எடுத்துக்கொண்டு போக முடியாது. புது இடத்தில் அவருக்குப் புதிதாக அனுப்புங்கள். பழைய இடத்தில் அவர் நாற்காலிக்கு வந்தவருக்கும் ஒரு மெயில், எந்த மாதம் எந்த வேலைக்கு வந்தீர்கள் என்ற விவரத்தோடு. இருவரில் யாரால் பலன் வரும் என்றால், இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன்.

அவர் அங்கேயே இருந்துகொண்டு மூன்று மெயிலுக்கும் பேசாமல் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பதவி, ஊர், புதுத் திறமை, நோட்டீஸ் பீரியட், இவற்றில் ஒன்று மாறும்போது மட்டும் எழுதுங்கள். ஃபோனில் அழைக்க வேண்டாம்.

எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அதையும் அவருக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், இரண்டே வரி. எங்கே, என்ன பதவியில் சேர்ந்தீர்கள் என்பதும், இப்போதைக்குத் தேடவில்லை என்பதும். தேவையில்லாத அழைப்புகள் குறையும், பதிவிலும் உங்கள் புதுப் பதவி ஏறிவிடும். "அடுத்த வருடக் கடைசிக்குப் பிறகு பேசலாம்" என்று தோராயமாக ஒரு காலம் சொல்ல முடிந்தால் அதையும் எழுதுங்கள். நான் அப்படிப்பட்ட பெயர்களைக் காலண்டரில் குறித்து வைத்து நானாகவே அழைத்திருக்கிறேன்.