வேலையை விட்டுப் படிக்கப் போக ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதுமா?

கேள்வி: வயது 31. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், நாலேகால் வருட சர்வீஸ். கைக்கு 48,000 வருகிறது, அடிப்படைச் சம்பளம் 26,000. மனைவி டியூஷன் எடுத்து 8,000 சம்பாதிக்கிறார். பெண் யூகேஜி படிக்கிறாள். அடுத்த ஜூலையில் கோவையில் 11 மாத முழுநேர டூல் டிசைன் படிப்பில் சேரப் போகிறேன், ஃபீஸ் 1,60,000. சேமிப்பு 2,10,000. மூன்று லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, மாதம் 15,000, இருபதில் எட்டு கட்டியாச்சு, இன்னும் எடுக்கவில்லை. தீபாவளி போனஸ் 26,000 வரும். பைக் இ.எம்.ஐ. 3,400 மே மாதம் முடிகிறது. சீட்டு போக மாதம் 29,000 செலவு. ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும் என்கிறார்கள், சரிதானா?

பதில்: போதாதுங்க. முதலில் அந்த 29,000-ஐப் பார்ப்போம். இருவர் வருமானமும் சேர்ந்து 56,000, அதில் சீட்டும் செலவும் போனால் மாதம் 12,000 மிஞ்ச வேண்டும். வருடத்துக்கு 1,44,000. அந்த வேகத்தில் உங்கள் சேமிப்பு ஏறியிருக்கிறதா? அனேகமாக ஏறியிருக்காது, ஏனென்றால் மாதக் கணக்கில் வராத செலவு ஒரு கூட்டம் இருக்கிறது: ஜூனில் பள்ளிக் கட்டணம், தீபாவளி, ஊர் நோம்பி, எல்.ஐ.சி. பிரீமியம், அப்புறம் ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் மொய். நம் பக்கத்தில் மொய்யும் சீரும் விருப்பச் செலவு இல்லை, நமக்கு வந்ததைத் திருப்பிச் செய்வது, வேலையை விட்டுவிட்டேன் என்று ஒரம்பரையிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. கடந்த 12 மாத பாஸ்புக்கையும் ஜிபே வரலாற்றையும் வைத்து இவற்றை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மாதிரிக் குடும்பங்களில் ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும், நான் மாதத்துக்கு 9,000 என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது உண்மையான செலவு 38,000. இ.எம்.ஐ. முடிந்துவிடும், இன்னொரு 3,600 சுருக்கலாம், ஆனால் கோவைக்கு ரயில், மதியச் சாப்பாடு என்று 2,500, சொந்த மருத்துவக் காப்பீட்டுக்கு 1,500 புதிதாகச் சேரும். படிக்கும் காலத்துக்கு மாதம் 35,000 என்று வையுங்கள்.

அடுத்தது, எத்தனை மாதம். படிப்பு 11 மாதம் என்பதால் பலரும் 11-ஆல் பெருக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஜூலையில் சேர்ந்தால் மறு வருடம் மே மாதம் முடியும். துறை மாறிப் போகிறவர்களுக்கு மெர்ச்சன்டைசிங் அனுபவத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஃபிரெஷராகத்தான் பார்ப்பார்கள், அதனால் வேலை தேட நாலு மாதம் விடுங்கள். அக்டோபரில் சேர்ந்தால் முதல் சம்பளம் நவம்பர் முதல் வாரத்தில் வரும். ஆக 16 மாதம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு ஓட வேண்டும், அதாவது 5,60,000. டியூஷன் ஏப்ரல், மே மாதங்களில் இருக்காது, மீதி 14 மாதத்துக்கு 1,12,000 வரும், அதைக் கழித்தால் 4,48,000. ஃபீஸ் 1,60,000, ஆஸ்பத்திரிக்கென்று தொடாமல் வைக்க 50,000. மொத்தம் 6,58,000.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்றால், பெரும்பகுதி சீட்டில்தான் இருக்கிறது. கடைசி வரை எடுக்காமல் விட்டால் 5 சதவீதக் கமிஷன் போக 2,85,000 வரும், தள்ளே இல்லை என்று பலர் காத்திருப்பார்கள். ஆனால் கடைசிச் சீட்டுக்காரர்தான் எல்லாரையும் நம்பி உட்கார்ந்திருப்பவர். முன்னால் எடுத்தவர்களில் இரண்டு பேர் கட்டாமல் விட்டால் சீட்டு பிடிப்பவர் உங்களுக்குத்தான் “அடுத்த மாதம்” என்பார். உங்கள் இருபதாவது சீட்டு ஜூனில் வருகிறது, அந்த “அடுத்த மாதம்” உங்களுக்கு ஃபீஸ் கட்டும் மாதம். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று கேளுங்கள், பதிவு எண்ணைக் காட்டத் தயங்கினால் நிச்சயம் கடைசி வரை போகாதீர்கள்.

நானாக இருந்தால் பிப்ரவரியில், பதினாறாவது ஏலத்தில் எடுப்பேன். அப்போது ஏலம் கேட்க ஐந்து பேர்தான் பாக்கி, தள்ளு அதிகம் போகாது. கமிஷனும் சேர்த்து 24,000 தள்ளி எடுத்தால் கைக்கு 2,76,000. காத்திருந்தால் வருவதைவிட 9,000 குறைவு, ஆனால் அதை 6 சதவீத வட்டியில் நாலு மாதம் வங்கி டெபாசிட்டில் போட்டால் 5,500 திரும்பி வரும். நிம்மதிக்கு 3,500 ரூபாய் விலை, கொடுக்கலாம். ஒன்று மட்டும் முக்கியம்: எடுத்த பிறகு பாக்கி நாலு தவணையும் உங்கள் கடன், சம்பளம் வரும்போதே அதை முடித்துவிட வேண்டும். வேலையை விடும் நேரத்தில் புதுச் சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள்.

கிராஜுவிட்டியை நீங்கள் கேள்வியில் சொல்லவே இல்லை. அடுத்த ஜூனில் ஐந்து வருடம் தாண்டியிருப்பீர்கள், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள், ஆக உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு வருடம் 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. ஆனால் இன்றைக்கே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து சேர்ந்த தேதியைப் பாருங்கள். ஒரே முதலாளியின் இன்னொரு யூனிட் பெயருக்கு ஆட்களை மாற்றி எழுதுவது இங்கே புதிதில்லை, அப்படி மாற்றியிருந்தால் பழைய ஆஃபர் லெட்டரையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே எடுத்து வையுங்கள். பணம் வர வேலையை விட்டு ஒரு மாதம் ஆகலாம், ஜூலை ஃபீஸுக்கு அதை நம்பாதீர்கள். பி.எஃப். பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், வட்டியோடு அங்கேயே கிடக்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டை இந்த ஜூலையிலேயே எடுங்கள். கம்பெனிக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் வராது, சில நோய்களுக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு வருடமாவது வேலையில் இருக்கும்போதே கழியட்டும்.

ஜூலையிலிருந்தே படிக்கும் காலச் செலவில் வீட்டை நடத்திப் பாருங்கள். ரயில் செலவு இப்போது இல்லை, இ.எம்.ஐ. இருக்கிறது, ஆக 36,000. சீட்டுக்கு 15,000 போக மாதம் 5,000 மிஞ்சும், டியூஷன் இல்லாத இரண்டு மாதத்தைக் கழித்தால் வருடத்துக்கு 44,000. இந்த 44,000, இருக்கிற 2,10,000, சீட்டு 2,76,000, கிராஜுவிட்டி 75,000, தொடாத போனஸ் 26,000 எல்லாம் சேர்த்தால் 6,31,000. தேவைக்கு 27,000 குறைகிறது.

அந்த 27,000-க்கு நகையை வைக்கலாம், ஆனால் படிப்பு தொடங்கும்போது வைக்காதீர்கள். ஒரு வருடத்தில் மொத்தமாகத் திருப்பும் நகைக்கடன் என்றால் நீங்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும்போது கெடு வந்துவிடும். முதலில் சேமிப்பைச் செலவழியுங்கள், கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் வையுங்கள், அப்போது திருப்புவதற்குள் புதுச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

பிப்ரவரிச் சீட்டு எடுத்ததும் ஒரு முறை கணக்குப் பாருங்கள், கையில் சுமார் 5,50,000 இருக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் கீழே இருந்தால் அட்மிஷனுக்கு முன்பணம் கட்டாமல் அடுத்த பேட்ச் எப்போது என்று கேளுங்கள், ரிசைன் லெட்டரையும் அதுவரை கொடுக்க வேண்டாம்.