பயணம் பிடிக்காதவர் யார்? டேட்டிங் பயோ பற்றிய கேள்வி பதில்

பத்து வருடம் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவள் நான். தோழி ஒருத்தியின் பயோவைத் திருத்திக் கொடுத்தேன், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள், இப்போது மாதத்துக்கு நாலைந்து பேராவது தங்கள் பயோவை அனுப்பி "பாருங்க அக்கா" என்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செங்காங் வாசி: 'பயணம் பிடிக்கும்' என்று போட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு உண்மையாகவே பிடிக்கும் அக்கா. அதில் என்ன தப்பு?

தப்பும் இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் அந்த வரியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: "பயணம் பிடிக்காது, சாங்கிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்." இப்படி யாராவது எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஆளே நிற்காத வரி உங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதுவும் நம் ஊரில், கிழக்கே ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் தீவே முடிந்துவிடுகிறது, நீண்ட வார இறுதி வந்தால் வெளியே போகாதவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். படங்களும் அப்படியே. கியோட்டோவின் அந்த ஆரஞ்சு வாசல் வரிசை, பாலி ஊஞ்சல், ஏதோ ஒரு மலை உச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். முதுகை வைத்து யாரென்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயணம் பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, எப்படிப் போவீர்கள் என்று எழுதுங்கள். விடியற்காலை விமானம் பிடித்து முதல் நாளே மூன்று கோயில் பார்க்கிற ஆளா, ஓட்டல் அறையில் மத்தியானம் தூங்கப் போகிற ஆளா? இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. ஆகவே எதை எழுதினாலும் ஒரு கூட்டம் உங்களைத் தாண்டிப் போகும், இன்னொரு கூட்டம் நின்று பார்க்கும். மாதம் ஒருமுறை ஜோகூர் போய் மளிகை வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்புகிறவர் என்றால் அதையே எழுதலாம், எனக்குத் தெரிந்து அது பாலியைவிட நல்ல வரி.

புக்கிட் பாத்தோக் பிரியா: 'ஃபுடி' என்று போடுகிறவர்களை ஏன் கிண்டல் செய்கிறீர்கள்? சிங்கப்பூரில் சாப்பாடுதான் நம் அடையாளம். உணவங்காடிக் கலாசாரத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்திருக்கிறதே.

2020இல் கிடைத்தது, சரிதான். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த அங்கீகாரம் பிரியா, உங்கள் பயோவுக்கு இல்லை. ஊரே ஃபுடி என்றால் அந்தச் சொல்லை வைத்து ஒருவரை எப்படி அடையாளம் காண்பது? இன்னொரு வேடிக்கை, அந்தச் சொல்லே பாதி கேலியில் வளர்ந்ததுதான். 1984இல் ஆன் பாரும் பால் லெவியும் ஃபுடிகளுக்கென்று ஒரு 'அதிகாரபூர்வக் கையேடு' போட்டார்கள், சாப்பாட்டு மோகம் பிடித்தவர்களைக் கிண்டலடித்துக்கொண்டே எழுதிய புத்தகம் அது. கிண்டல் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

காப்பிக் கடையில் நீங்கள் என்ன கேட்டு வாங்குகிறீர்கள் என்று எழுதினாலே போதும். 'தே சி கோசோங்' குடிக்கிறவரும் 'தே ஹாலியா' குடிக்கிறவரும் ஒரே ஆள் இல்லை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

யீஷூன் இரவு ஷிஃப்ட்: என் பயோ இதுதான்: "பயணம், சாப்பாடு, ஜிம். கடுமையாக உழைப்பேன், கொண்டாடுவேன். குற்றத்தில் பங்காளி தேவை. எதுவேண்டுமானாலும் கேளுங்கள்." மூன்று மாதத்தில் இரண்டே பதில், அதில் ஒன்று காப்புறுதி விற்க வந்தவர். திருத்தித் தருவீர்களா?

அந்தக் 'குற்றத்தில் பங்காளி'யைத் தமிழில் படிக்கும்போது போலீஸைக் கூப்பிடலாமா என்று தோன்றுகிறது, முதலில் அதை எடுங்கள். 'எதுவேண்டுமானாலும் கேளுங்கள்' என்பதும் வேண்டாம். கேட்பதற்கு ஒரு பிடி கொடுக்காமல் வேலையை எதிராளியின் தலையில் கட்டுகிற வரி அது.

இவரோடு தனியே இருபது நிமிடம் பேசினேன். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். தினமும் விமானத்தைத் தொடுகிறார், ஏறி இரண்டு வருடம் ஆகிறதாம். இதைவிட நல்ல பயண வரி எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு 'பயணம்' என்று ஒற்றைச் சொல் போட்டிருக்கிறார். காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் பிராட்டா கடைக்குப் போகிறார், ரசம் வைப்பார், வார இறுதி பெரும்பாலும் கிடையாது. ஜிம்முக்குப் போய் ஐந்து மாதம். கடைசியில் வந்தது இது:

"விமானம் பழுதுபார்ப்பது தொழில், ஏறி இரண்டு வருஷமாச்சு. ஷிஃப்ட் முடிந்து காலை ஏழுக்கு பிராட்டா கோசோங் இரண்டு, மீன் குழம்போடு. அம்மா மாதிரியே ரசம் வைப்பேன், அம்மா ஒத்துக்கொள்வதில்லை. சனி ஞாயிறு காலி இல்லாதவர்கள் பேசலாம், எனக்கும் காலி இல்லை."

இதில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் நான் பார்ப்பது வேறு. சிரிப்பைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? தொழில், சாப்பாடு, அம்மாவோடு உள்ள உறவு, நேரம் கிடைக்காத சிக்கல். நான்கும் உண்மை, நான்கில் எதைப் பிடித்தும் ஒருவர் பேச ஆரம்பிக்கலாம். நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பிளில் 300 எழுத்து, டிண்டரில் 500, ஹிஞ்சில் ஒரு பதிலுக்கு 150தான், அங்கே இதை மூன்றாக உடைக்க வேண்டும். தமிழில் எழுதினால் புள்ளியும் கொம்பும் தனி எழுத்தாக எண்ணப்படலாம், நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும்.

தேக்கா பையன்: எதற்கு இவ்வளவு கஷ்டம்? நையாண்டி பயோ போட்டால் பதில் நிச்சயம். நான் என்னை வீவக வீட்டு விளம்பரமாக எழுதியிருக்கிறேன்: "31 வயது, 99 ஆண்டு குத்தகையில் 68 மீதி. உயர்தளம், எம்ஆர்டி அருகில், காற்றோட்டம் நன்று. முந்தைய குடியிருப்பாளர் 4 ஆண்டில் காலி செய்தார், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியவில்லை. முகவர் கட்டணம் இல்லை."

நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு நிறையவில்லை என்ற இடத்தில் நானே சத்தமாகச் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நிச்சயம்' என்பது பாதி உண்மை. சிரித்தவர் பதில் போடுவார், "ஹாஹா" என்று. அதற்குப் பிறகு என்ன பேசுவது? குத்தகைக் கணக்கு வயதைச் சொல்கிறது, அது நன்றாக இருக்கிறது. உயர்தளம் என்றால் உயரமானவர் என்று ஊகிக்கலாம். 'எம்ஆர்டி அருகில்', 'காற்றோட்டம்' இரண்டும் வெறும் வீடுதான், உள்ளே நீங்கள் இல்லை. உருவத்தைக் கடன் வாங்கினால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உங்களுடைய ஒரு விஷயம் நிற்க வேண்டும். வயலின் வாசிப்பீர்கள் என்றால் 'மாலை நேரத்தில் சத்தம் வரும், பக்கத்து வீட்டார் பழகிவிட்டார்கள்' என்று போடலாம்.

பழைய காதலி வரி எனக்குச் சிரிப்பு, இன்னொருவருக்கு 'இவன் இன்னும் அதிலேயே இருக்கிறான்' என்று படும். நானாக இருந்தால் எடுத்துவிடுவேன். என் தோழியிடம் காட்டினேன், அவள் அதுதான் உள்ளதிலேயே நேர்மையான வரி என்கிறாள். உங்கள் முடிவு.

ஒரு தாய், அங் மோ கியோ: என் மகனுக்கு ஜாதகம், படிப்பு, சம்பளம் எல்லாம் போட்டு ஒரு பக்கம் தயார் செய்திருக்கிறேன். 'கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர்' என்று போட்டேன். அது போதுமா அம்மா?

அக்கா, இங்கே பேசுவது பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்கிற கைப்பேசிச் செயலி பற்றி, வரன் தாள் வேறு விஷயம். ஆனாலும் கேட்டது நல்ல கேள்விதான், ஏனென்றால் 'கெட்ட பழக்கம் இல்லாதவர்', 'குடும்பப்பாங்கானவர்' எல்லாம் நம் பாட்டி காலத்துப் 'பயணம் பிடிக்கும்'. கெட்ட பழக்கம் உள்ளவர் என்று எந்தத் தாய் எழுதினார்? மகன் என்ன செய்கிறார், வீட்டில் எதற்கு உதவுவார் என்று ஒரு வரி சேருங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பழைய பத்திரிகை ஆசாமி: இந்த நையாண்டி ஒன்றும் புதிதில்லை. லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸில் 1998இல் துணை தேடுவோர் விளம்பரம் தொடங்கியபோதே ஆட்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்து எழுதினார்கள், அழகன் அன்பன் என்பதற்குப் பதிலாக வழுக்கை, முன்கோபம் என்று. கொஞ்ச நாளில் எல்லோரும் அப்படியே எழுத, அதுவே ஒரு பாணியாகிவிட்டது. செயலியிலும் அதே கதைதானே? "மூச்சு விடுவது பிடிக்கும், சாப்பிடுவது பிடிக்கும்" என்று நூறு பேர் போடுகிறார்கள்.

ஐயா, நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'கிண்டல் மொழியில் சரளம்', 'ஆறடி, ஏனென்றால் அதுதான் முக்கியமாமே', 'என் அம்மா எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்' எல்லாம் ஒரு காலத்தில் கேலி, இப்போது அச்சு. 'மூச்சு விடுவது பிடிக்கும்' முதலில் எழுதியவர் புத்திசாலி, அவர் தேய்வழக்கின் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். நூறாவது ஆள் அந்த ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வீவக மாதிரி உள்ளூர் உருவங்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், 'பிடிஓ போடலாமா' என்ற ஜோக் என் கண் முன்னாலேயே பழசாகிவிட்டது.

பெயர் வேண்டாம்: பெண்களின் பயோவைக் கிண்டல் செய்து ஆண்கள் எழுதுவதைப் பார்த்தாலே எரிச்சல். "எனக்கும் சூரிய அஸ்தமனம் பிடிக்கும், எனக்கும் நாடகம் பிடிக்காது, ஹிஹி." நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. அந்த ஹிஹி யாரைப் பார்த்து என்பதுதான் விஷயம். வீட்டு விளம்பரக்காரர் தன்னைக் கிண்டலடிக்கிறார். இவர் படிக்கிற உங்களையே கிண்டலடித்துவிட்டு, உங்களிடமே பதிலும் எதிர்பார்க்கிறார். வலது பக்கம் தள்ளச் சொல்லிவிட்டு வாசலில் நின்று திட்டுகிற மாதிரி. இடது பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

யீஷூன் இரவு ஷிஃப்ட்: அக்கா, மாற்றிப் போட்டேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார், ஒரே வரி: "மீன் குழம்பா? பிராட்டாவுக்குக் கோழிக் குழம்புதான்." என்ன சொல்வது? ஒத்துக்கொள்ளவா?

ஐயோ, ஒத்துக்கொள்ளாதீர்கள்! மீன் குழம்புதான் என்று அடித்துப் பேசுங்கள், எந்தக் கடைக் கோழிக் குழம்பு என்று கேளுங்கள். அவர் கடைப் பெயர் சொன்னால், காலை ஏழு மணிக்கு அது திறந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி.