கடைசி இன்டர்வியூ முடிந்த பிறகு வேலை நேரம் பற்றிக் கேட்கலாமா?

"ரிமோட் வேலைக்குக் கடைசி ரவுண்டு முடிந்துவிட்டது. டீம் முழுக்க நியூயார்க்கில். ராத்திரி எத்தனை மணி வரை உட்கார வேண்டியிருக்கும் என்று இப்போது கேட்டால் ஆஃபர் போய்விடுமா?"

போகாது. ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் அது கேள்வியாக இருக்காது, புகாராகத்தான் போய்ச் சேரும்.

முதல் முறை நான் கேட்கவில்லை. எச்ஆர் "நாலு மணி நேரம் ஓவர்லேப்" என்றார், தலையாட்டிவிட்டேன். அவர்களுக்குக் காலை 9 என்றால் எனக்கு மாலை 6:30. பத்தரைக்கு லேப்டாப்பை மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். இங்கே அந்த வழக்கமே இல்லை. அதனால் மார்ச் வரை என் நாள் பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. போதாததற்கு, புதன்கிழமை பிளானிங் மீட்டிங் அவர்களுக்கு மதியம் 3 மணி. எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. நாலு மணி நேரம் என்றது பொய்யில்லை. எந்த நாலு மணி நேரம் என்று நான்தான் கேட்கவில்லை.

அடுத்த கம்பெனியில், கடைசி ரவுண்டு முடிந்த மறுநாள் ரெக்ரூட்டருக்கு நன்றி மெயில் போடும்போது அதிலேயே கேட்டேன். மேனேஜரையும் சிசியில் வைத்தேன், ஏனென்றால் ரெக்ரூட்டருக்கு டீமின் காலண்டர் தெரியாது. "நேரம் ஃப்ளெக்ஸிபிளா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் "ஆமாம்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. நான் எழுதியதன் சாரம் இதுதான்:

"என் நேரப்படி மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை செய்ய எண்ணியிருக்கிறேன். கோடையில் உங்கள் நேரம் மதியம் 12:30 வரை, குளிர்காலத்தில் 11:30 வரை கிடைப்பேன். இது டீமுக்குச் சரிப்படுமா? போன வாரம் நடந்த வழக்கமான மீட்டிங்குகள் எந்தெந்த நேரத்தில் இருந்தன? ஆன்-கால் முறை வந்தால் எந்த நேரம் என் பொறுப்பு?"

இதில் நடுக்கேள்விதான் முக்கியம். விதி என்ன என்று கேட்டால் நல்ல வார்த்தை வரும். போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டால் நேரம் வரும். மேனேஜர் காலண்டரைப் பார்த்து, தினசரி மீட்டிங் அவர்கள் நேரப்படி காலை 10 மணிக்கு, செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதியம் 2 மணிக்கு என்று பதில் போட்டார். அந்த ரெட்ரோவை 11-க்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன், மாற்றினார்.

ஆஃபர் லெட்டரில் இதைச் சேர்க்கச் சொன்னேன், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மெயிலை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து மேனேஜர் மாறி, புதியவர் ரெட்ரோவை மறுபடி 2 மணிக்குப் போட்டபோது அந்த மெயிலைத்தான் அப்படியே ஃபார்வர்டு செய்தேன்.