முப்பதாம் லெவலுக்கு மேல் அடி ஏன் தாறுமாறாகிறது?

கேள்வி: ஆர்பிஜி மேக்கர் எம்.இசட்.டில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். 20 லெவல் வரை சண்டை நன்றாக இருக்கிறது. 30-ஐத் தாண்டினால் ஒரு அரக்கன் மூன்று அடியில் சாகிறான், பக்கத்தில் நிற்பவனை முப்பது அடி அடித்தாலும் நகர மாட்டேன் என்கிறான். எல்லாவற்றையும் பேலன்ஸ் செய்து தரும் பிளகின் என்று ஒன்றை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோளாறு ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது, அதை நீங்களே மாற்றலாம். டேட்டாபேஸில் தாக்குதல் ஸ்கில்லைத் திறந்து ஃபார்முலா பெட்டியைப் பாருங்கள்:

```
a.atk * 4 - b.def * 2
```

`a` அடிப்பவர், `b` அடி வாங்குபவர். உங்கள் நாயகனின் தாக்குதல் 100, அரக்கனின் தற்காப்பு 150 என்று வையுங்கள். 400-இல் 300 போனால் அடி 100. இப்போது நாயகனுக்கு, தாக்குதலைக் கொஞ்ச நேரம் ஏற்றிவிடும் பஃப் ஒரு படி போடுங்கள். இந்த மென்பொருளில் ஒரு படி என்றால் 25 சதவீதம், தாக்குதல் 125 ஆகும். 500-இல் 300 போக அடி 200. ஆட்டக்காரர் கால் பங்குதான் ஏற்றினார், அடியோ இரண்டு மடங்காகிவிட்டது. பஃப் இல்லாமல், தற்காப்பு 190 உள்ள அரக்கனை அடித்தால் மிஞ்சுவது 20. தற்காப்பு 200 என்றால் பூஜ்யம். உயிர் 600 என்றால் முதல் கணக்கில் ஆறு அடி, பஃப் போட்டால் மூன்று, 190 உள்ளவனுக்கு முப்பது. நீங்கள் சொன்ன அதே மூன்றும் முப்பதும்தான்.

எண்கள் பெரிதானதால் இது வரவில்லை. ஆரம்பத்தில் தாக்குதலும் தற்காப்பும் 20-க்கு 20 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்புறம் நாயகனுடையது லெவலோடு தானாக ஏறியது, அரக்கனுடையதை நீங்கள் கையால் எழுதினீர்கள். தற்காப்பு தாக்குதலின் இரண்டு மடங்கை நெருங்க நெருங்க, கழித்தலில் சின்ன மாற்றம்கூடப் பெரிதாகத் தெரியும்.

இந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
4 * a.atk * a.atk / (a.atk + b.def)
```

அதே எண்களுக்கு அடி 160. பஃப் போட்டால் 227. தற்காப்பு 190 என்றால் 138. உயிர் 600 உள்ளவன் நான்கு, மூன்று, ஐந்து அடிகளில் விழுவான். தாக்குதலும் தற்காப்பும் சமமாக இருக்கும் இடத்தில் பழைய வரி தந்த அதே விடையைத்தான் இதுவும் தரும், 20-க்கு 20 என்றால் இரண்டிலும் 40. அதனால் நன்றாக ஓடும் உங்கள் ஆரம்பக் கட்டச் சண்டைகள் பெரிதாகக் கெடாது. இரண்டு எண்களும் பத்து மடங்கானால் அடியும் பத்து மடங்கு. உயிரையும் அதே வேகத்தில் ஏற்றினால் அடிகளின் எண்ணிக்கை அப்படியே நிற்கும்.

அந்தப் பிளகின் விஷயத்துக்கு வருகிறேன். அப்படி ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கினேன். உள்ளே இருந்தது அதே கழித்தல், மேலே லெவலால் ஒரு பெருக்கல், கீழே அடி 1-க்குக் குறையாமல் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். லெவல் ஏற்கெனவே தாக்குதலுக்குள் இருக்கிறது, மறுபடி பெருக்கினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். பூஜ்யத்தை 1 ஆக்கினால், உயிர் 600 உள்ளவனை அறுநூறு முறை அடிக்க வேண்டும். நாம் புரியாமல் தவிப்பதை வைத்துத்தான் இவர்கள் கடை போடுகிறார்கள். மென்பொருளைச் செய்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2011-இல் வந்த பழைய பதிப்பான வி.எக்ஸ் ஏஸிலும் இதே வரி, 2020-இல் வந்த எம்.இசட்.டிலும் இதே வரி. 99 லெவலைத் திறந்துவிடுபவர்கள் பக்கத்தில் ஒரு எச்சரிக்கையாவது எழுதியிருக்கலாம்.

கழித்தலே சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபயர் எம்ப்ளம் கேம் வரிசையில் அடிப்படைக் கணக்கு கழித்தல்தான். அங்கே எண்கள் சிறியவை. அடிப்பதற்கு முன்பே எவ்வளவு அடி விழும் என்று திரையில் காட்டிவிடுவார்கள். கனத்த கவசக்காரனுக்கு நேரே பூஜ்யம் என்று வந்தால் அது கோளாறு இல்லை, மந்திரக்காரரையோ கவசத்தை உடைக்கும் ஆயுதத்தையோ கொண்டு வா என்று ஆட்டக்காரருக்குச் சொல்லும் சேதி. உங்கள் கேமிலும் எண்களைச் சிறிதாகவே வைத்து, முன்கூட்டியே அடியைக் காட்டி, மாற்று வழியும் கொடுத்தால் கழித்தலை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

மாற்றிய பிறகு சோதிக்கும்போது, ஃபார்முலா பெட்டியின் அருகே 20 என்று இருக்கும் ஏற்ற இறக்க சதவீதத்தை 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் வேறு எண் காட்டிக் குழப்பும். பிறகு 1, 10, 30, 60 லெவல்களில் சாதாரண அரக்கன் எத்தனை அடியில் விழுகிறான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு இருந்த இடத்தில் எட்டு வந்தால் அந்த அரக்கனின் எண்களை மட்டும் திருத்துங்கள், ஃபார்முலாவைத் தொடாதீர்கள். முடிந்ததும் 20-ஐத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.