சூட்டுக்குள்ளேயே அமுங்கிப் போன சூஃப்லே

அன்பின் அக்கா,

கிறிஸ்மஸுக்கு வெனிலா சூஃப்லே செய்தனான். வெள்ளைக்கரு நல்லா இறுகட்டும் எண்டு பீட்டரால கனநேரம் அடிச்சன். பேக்கிங் அவனுக்குள்ள கிண்ணத்துக்கு மேல வடிவா எழும்பிச்சு, பிறகு அங்கேயே அமுங்கிப் போச்சு. கதவை நான் திறக்கவே இல்லை. வெட்டிப் பார்த்தா மேல பஞ்சு மாதிரி, அடியில தண்ணி. என்ன பிழை விட்டன்?

ஒரு வாசகி, கல்லடி

அன்புள்ள தங்கச்சி,

அடியில் தண்ணி நின்றது என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

சூஃப்லே எழும்புவது வெறும் காற்றால் அல்ல. நம் சமையலறையின் 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாகும்போது காற்று தன் அளவில் ஆறில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் சூஃப்லே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. மிச்சத்தைச் செய்வது நீராவி. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது சூட்டில் ஆவியாகி ஒவ்வொரு குமிழுக்குள்ளும் புகுந்து அதை ஊதுகிறது. அதே சூட்டில் குமிழைச் சுற்றியுள்ள புரதச் சுவரும் வெந்து இறுகுகிறது.

வெளியே எடுத்ததும் ஆவி மறுபடி தண்ணீராகிறது, காற்றும் சுருங்குகிறது. ஆகவே மேசைக்கு வந்த சில நிமிடத்தில் சூஃப்லே இறங்கத்தான் செய்யும். யார் செய்தாலும் அப்படித்தான், அதற்கு வருந்த வேண்டாம். அதைத் திரும்பச் சூடான அவனில் வைத்தால் ஓரளவு மறுபடி எழும்பும், ஏனென்றால் சுவர்கள் உடையவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்ததால் அமுங்கியதும் சூடு ஏறினால் மீளும். உங்களுடையது சூட்டுக்குள்ளேயே விழுந்திருக்கிறது. அப்படியென்றால் குளிர்ந்து சுருங்கியதல்ல, சுவர் உடைந்தது. அதிக நேரம் வேகவிட்டாலும் சுவர் காய்ந்து உடையும். ஆனால் அப்போது அடியில் தண்ணி நிற்காது. உங்கள் வெள்ளைக்கருவை அடித்தது கூடிப்போனது.

அடிக்கும்போது சுருண்டிருந்த புரதங்கள் அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றிக் குமிழைச் சுற்றி வலை பின்னுகின்றன. அந்த வலை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்வரை சுவர் இழுபடும், ஆவி ஊதினாலும் தாங்கும். அளவுக்கு மேல் அடித்தால் பிடி இறுகிக்கொண்டே போய், ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல் தண்ணீர் வெளியே வந்துவிடும். மிஞ்சும் சுவருக்கு இழுபடும் தன்மை இல்லை. முதலில் ஆவி தூக்கிவிடும், நீங்கள் வடிவாய் எழும்பியதென்று பார்த்தது அதைத்தான். பிறகு சுவர்கள் வெடிக்கும். பிழிந்து வந்த தண்ணீர் அடியில் தங்கும்.

இதைப் பாத்திரத்திலேயே கண்டுபிடிக்கலாம். சரியான நுரை பளபளப்பாக இருக்கும். பீட்டரைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நுனி மட்டும் லேசாக வளையும். அதோடு நிறுத்திவிட வேண்டும். பளபளப்புப் போய், திரிதிரியாகப் பிய்ந்து, பாத்திரத்தின் ஓரத்தில் தண்ணி கசிந்தால் எல்லை தாண்டிவிட்டது. எலெக்ட்ரிக் பீட்டரில் இவ்விரண்டுக்கும் இடையே சில நொடிகள்தான். எனவே முனை நிற்கத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். இறுக்கமே பலம் என்று நினைப்பதுதான் பலரையும் கெடுக்கிறது.

நுரைக்குக் காவல் தேசிக்காய்ப்புளி. கிறீம் ஒஃப் டார்டர் என்னும் புளிப்புப் பொடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூன்று வெள்ளைக்கருவுக்கு ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, அடிக்கத் தொடங்கும்போதே. புளிப்பு, புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதைத் தாமதப்படுத்துகிறது; நிறுத்துவதற்கு உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். முறிந்துபோன நுரையை அது மீட்காது. சீனியும் உதவும், ஆனால் மென்மையான முனை வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முன்னரே போட்டால் நுரை எழும்பக் கனநேரம் எடுக்கும்.

மஞ்சள் கருவைப் பிரிப்பது முட்டை குளிர்ந்திருக்கும்போது சுலபம், கரு உடையாது. வெள்ளைக்கருவில் ஒரு துளி மஞ்சள் விழுந்தாலும் அதன் கொழுப்பு புரதங்களைக் குமிழின் ஓரத்தில் நிற்கவிடாது. பிளாஸ்டிக் பாத்திரமும் வேண்டாம், கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். ஸ்டீல் அல்லது கண்ணாடி நல்லது.

இனிக் கலப்பது. மா, பால், பட்டர், மஞ்சள் கரு சேர்ந்த கூழ் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நுரையில் மூன்றில் ஒரு பங்கை முதலில் அதில் போட்டு, தயங்காமல் கிண்டிவிடுங்கள். அந்தப் பங்கின் குமிழ்கள் உடைந்தாலும் பரவாயில்லை. கனமான கூழ் இளகி, மிச்ச நுரையை நசுக்காமல் ஏற்றுக்கொள்ளும். மீதியை அகப்பையால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்த்து, வெள்ளைத் திட்டுகள் ஒன்றிரண்டு தெரியும்போதே விட்டுவிடுங்கள். கலந்ததும் தாமதியாமல், முன்கூட்டியே 190 பாகைக்குச் சூடாக்கிய அவனில், சூடேறிய தட்டின்மேல் வையுங்கள். சின்னக் கிண்ணங்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் போதும். மேலே பொன்னிறமாகி, அசைத்தால் நடு மட்டும் லேசாக ஆடும்போது எடுத்துவிடுங்கள்.