பதவுரையும் பொழிப்புரையும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை மாணவி. பாடத்துக்காகக் கொடுக்கப்படும் கட்டுரைகளைச் சொந்த வார்த்தைகளில் எழுதித் தர வேண்டும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக மாற்றி எழுதினேன். "இது நகல்" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை துணிந்து என் போக்கில் எழுதினேன்; "ஆசிரியர் இப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறதா? எழுதியது சரிதானா என்று நானே எப்படிச் சோதிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த இரண்டு தவறுகளையும் நம் உரையாசிரியர்களின் சொற்களைக் கொண்டே விளக்கலாம். பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் தருவது. பொழிப்புரை முழுச் செய்தியையும் திரட்டித் தருவது. முதல் முறை நீங்கள் பதவுரை எழுதி, அதைப் பொழிப்புரை என்று எண்ணிக்கொண்டீர்கள். இரண்டாம் முறை எழுதியது பொழிப்புரைதான், ஆனால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாடநூல் நடையில் ஒரே வாக்கியமாக அடைத்துப் பார்க்கிறேன்:

"ஒரு சிறு பகுதியை மீண்டும் வாசிப்பதைவிட, வாசித்ததை நினைவிலிருந்து மீட்டெழுதுவது நீண்டகால நினைவுக்கு உகந்தது என்பதை இச்சோதனை காட்டினாலும், இந்த அனுகூலம் கால இடைவெளியைச் சார்ந்தது, 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் மறுவாசிப்புக் குழுவே முன்னிலை வகித்தது, 2 நாட்களுக்கும் ஒரு வாரத்துக்கும் பின் நடந்த தேர்வுகளில் நிலைமை தலைகீழானது."

உங்கள் முதல் முறைப்படி எழுதினால் இப்படி வரும்: "ஓர் அத்தியாயத்தைத் திரும்பவும் படிப்பதைக் காட்டிலும், படித்ததை ஞாபகத்திலிருந்து மீட்டு எழுதுவது நெடுங்கால ஞாபகத்துக்கு ஏற்றது என்பதை இப்பரிசோதனை புலப்படுத்தினாலும், இந்த நன்மை கால அவகாசத்தைப் பொறுத்தது..."

சொற்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இப்படிச் சில சொற்களை நீக்கி, சிலவற்றுக்கு இணைச்சொல் செருகி எழுதுவதை அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் ஒட்டுப்போட்ட எழுத்து என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார். ஏமாற்றும் எண்ணத்தால் மட்டுமல்ல, பழகாத துறையின் மொழியோடு மல்லுக்கட்டும்போதும் மாணவர்கள் இப்படி எழுதுகிறார்கள் என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நகல் என்பதோடு, இந்த வாக்கியம் பொருளிலும் பிழையானது. 'சிறு பகுதி' அத்தியாயமாக வளர்ந்துவிட்டது. 'இடைவெளி' என்பது வாசிப்புக்கும் தேர்வுக்கும் நடுவே கடந்த காலம். 'அவகாசம்' என்பது ஒன்றைச் செய்து முடிக்கத் தரப்படும் காலம். சொல்லை மாற்றினால் நகலிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். நகலும் போகவில்லை, பொருளும் கெட்டது.

இரண்டாம் முறையில் இப்படி வரும்: "திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை, எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்று ஆய்வு நிரூபித்துவிட்டது." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலம் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டது. இது ஒன்றை அடியோடு தள்ளுகிறது. 'காட்டியது' என்பது 'நிரூபித்துவிட்டது' ஆகிவிட்டது. புத்தகத்தைப் பார்த்து எழுதுவதும் 'எழுதிப் பார்ப்பது'தானே? எல்லாவற்றையும்விட, அந்த 5 நிமிடத் தேர்வைக் காணவே இல்லை. அதில் மறுவாசிப்புக் குழு 81 விழுக்காடும் மற்றவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது 42க்கு 56 என்று புரண்டது. அந்தப் புரளல்தான் வாக்கியத்தின் உயிர்.

சரி, எப்படி எழுதுவது? வாக்கியத்தை அலகாகக் கொள்ளாதீர்கள், பத்தியைக் கொள்ளுங்கள். ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு மூலத்தை மூடி வையுங்கள். திறந்திருந்தால் கண் அங்கேதான் போகும். அந்தப் பாடம் படிக்காத நண்பர் ஒருவர் எதிரே இருப்பதாக நினைத்து, எந்தச் செய்தியை முதலில் சொன்னால் அவருக்குப் புரியும் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஆசிரியர் தொடங்கிய இடமாக இருக்காது. வரிசை மாறினாலே எலும்புக்கூடு கலைந்துவிடும். நான் எழுதியது இது:

"ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், வாசித்த உடனே தேர்வு வைத்தபோது, அந்தச் சிறு பகுதியை மறுபடி வாசித்தவர்களே அதிகம் நினைவுகூர்ந்தார்கள். இரண்டு நாளோ ஒரு வாரமோ கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களை முந்தினார்கள். ஆகவே இரண்டில் எது மேல் என்பது, எத்தனை நாள் கழித்து நினைவுகூர வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது."

மூடிய பிறகு ஒன்றுமே எழுத வரவில்லையென்றால், பத்தி இன்னும் புரியவில்லை என்று பொருள். அதற்கு எழுத்துத் தந்திரம் எதுவும் உதவாது, திரும்ப வாசிப்பதுதான் வழி.

இனி சோதனை. மூலம் மூடியே இருக்கட்டும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான்கு கேள்விகளுக்கு விடை குறித்துக்கொள்ளுங்கள்: இதைச் சொல்வது யார், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார், எந்த நிபந்தனையில், எதோடு ஒப்பிட்டு? பிறகு மூலத்தைத் திறந்து அதே கேள்விகளுக்கு அதிலிருந்து விடை எடுங்கள். விடைகள் வேறுபடும் இடத்தில்தான் பொருள் நழுவியிருக்கிறது. என் வரிகளில் நிபந்தனையில் ஒரு விரிசல் தெரிந்தது. 'உடனே' என்று எழுதியிருக்கிறேன். மூலம் 5 நிமிடம் கழித்து என்கிறது. 'உடனே' என்றால் இடைவெளியே இல்லை என்றாகிவிடும். அதை '5 நிமிடத்தில்' என்று திருத்தினேன்.

'யார்' என்ற கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். மாணவப் பருவத்தில் நான் ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை மிக அழகாகத் திரட்டி எழுதி, ஆசிரியரின் கொள்கை இது என்று சமர்ப்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் உடைத்தெறிவதற்காக அவர் எடுத்துவைத்திருந்த எதிர்த்தரப்பின் கொள்கை அது. 'என்று கருதப்படுகிறது' என்று ஒரு வாக்கியம் முடிந்தால், கருதுபவர் யார் என்று கேட்காமல் மேலே நகராதீர்கள்.

நகல் சோதனை தனி. இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே தொடராக வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். துறைச் சொற்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 'நீண்டகால நினைவு' போன்றவற்றை மாற்றினால்தான் தவறு. மற்ற அடிக்கோடுகள் ஆசிரியரின் சொல்லாட்சி. அவற்றைக் கலைத்து எழுதுங்கள், அல்லது மேற்கோள் குறிக்குள் வையுங்கள். எல்லாம் உங்கள் சொற்களாகிவிட்டாலும் கருத்து அவருடையதுதான். ஆகவே பெயரும் ஆண்டும் கட்டாயம் வர வேண்டும்.

ஒரு வரையறையை ஆசிரியர் சொல்லெண்ணிச் செதுக்கியிருந்தால் அதைத் தொடாதீர்கள், அப்படியே மேற்கோளாக எடுத்துவிடுங்கள். மற்றபடி நீங்கள் எழுதுவது மூலத்தைவிட நீண்டுபோனால் கவலைப்பட வேண்டியதில்லை. கேட்கப்பட்டது சுருக்கம் அல்லவே. இறுக்கி அடைத்த பத்தியைப் பிரித்தால் அது கொஞ்சம் பருக்கத்தான் செய்யும்.