நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியிருக்கும்போது சிகரெட் பிடித்தால் என்ன ஆகும்?

கேள்வி: அப்பா தினமும் 20 சிகரெட் பிடித்தவர். இப்போது 21 மில்லிகிராம் பேட்ச் ஒட்டுகிறார். ஆனாலும் மத்தியானம் டீயோடு ஒன்று பிடித்துவிடுகிறார். மாரடைப்பு வரும் என்று பயமுறுத்துகிறார்கள். பேட்சைக் கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொல்லவா?

பதில்:

கழற்றச் சொல்லாதீர்கள். அந்த ஒரு சிகரெட்டின் கெடுதல் பேட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரத்தான் செய்யும். பேட்ச் கூட இருப்பதால் அது மாரடைப்பாக மாறிவிடாது. புகைப்பதை நிறுத்த வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இந்தப் பயத்தால் பேட்சையே தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தினம் 20 பிடிக்கிறவரின் ரத்தத்தில், மத்தியான வேளையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 40 நானோகிராம் வரை நிக்கோட்டின் இருப்பது சாதாரணம். 21 மில்லிகிராம் பேட்ச் தருவது ஏறக்குறைய அதில் பாதிதான். அதுவும் தோல் வழியாகச் சில மணி நேரத்தில் மெதுவாக ஏறும். சிகரெட்டிலோ நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். அப்பா காலையில் பேட்ச் ஒட்டி, மத்தியானம் ஒன்று பிடித்தால், இரண்டும் சேர்ந்து அவர் உடம்புக்குப் பழகிப்போன பழைய அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நிக்கோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய 2 மணி நேரம் போதும். சாயங்காலத்துக்குள் அந்த ஏற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும்.

மாரடைப்புப் பேச்சு 1992-இல் அமெரிக்காவில் கிளம்பியது. பேட்ச் ஒட்டிக்கொண்டு புகைத்த சிலருக்கு மாரடைப்பு வந்ததாகச் செய்தி வந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை ஆராய்ந்து, பேட்சோடு தொடர்பு இல்லை என்றது. புகைக்கும்போது இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று மருந்து அட்டையில் இருந்த எச்சரிக்கையை எடுத்துவிடலாம் என்றும் 2013-இல் அறிவித்தது.

என்னை அசைத்தது 1997-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் உள்ள, தொடர்ந்து புகைக்கும் 36 பேருக்கு முதலில் 14, பிறகு 21 மில்லிகிராம் பேட்ச் கொடுத்தார்கள். அவர்கள் சிகரெட்டைக் குறைத்தார்களே தவிர, எல்லாரும் விட்டுவிடவில்லை. ரத்தத்தில் நிக்கோட்டின் முன்பைவிடக் கூடியது. ஆனால் உடற்பயிற்சியின்போது ரத்த ஓட்டம் போதாத இதயப் பகுதி சுருங்கியது. மூச்சில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு குறைந்ததோ, அதையொட்டியே இந்த மாற்றமும் இருந்தது. நிக்கோட்டின் நாடித்துடிப்பைக் கூட்டும், ரத்தக்குழாயைச் சுருக்கும், அது உண்மை. ஆனால் அளவு ஏற ஏற அந்த விளைவு அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும் கார்பன் மோனாக்சைடும், ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள்களும் புகையில்தான் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். பேட்ச் ஒட்டியிருக்கும்போது சிகரெட் சப்பென்று இருக்கும். மூளையில் நிக்கோட்டின் வேலை செய்யும் இடங்கள் ஏற்கெனவே ஓரளவு நிரம்பியிருப்பதால் பழைய கிறக்கம் கிடைக்காது, ஆளும் ஆழமாக இழுப்பதில்லை. இதற்காகவே, புகையை நிறுத்தும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பே பேட்சைத் தொடங்கும் முறையும் உண்டு. கழற்றிவிட்டுப் பிடித்தால் இந்த நன்மைதான் போகும். தோலில் தேங்கிய நிக்கோட்டின் அதற்குப் பிறகும் சில மணி நேரம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. பேட்சோடு வரிசையாக நான்கைந்து பிடித்தாலோ, தினம் பத்துக்கும் குறைவாகப் பிடித்தவர் 21 ஒட்டினாலோ குமட்டல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வரலாம். அப்போது பேட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு போட்டால் இன்னும் அதிகமாக உள்ளே போகக்கூடும். நெஞ்சுவலியோ துடிப்பு தாறுமாறாவதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பேட்ச் தொடங்கக் கூடாது.

சரி, அந்த டீ சிகரெட்டை என்ன செய்வது? பேட்ச் மெதுவானது, திடீர் ஏக்கத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதற்கு 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் உதவும். சுறுசுறுவென்று காரம் வரும்வரை மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டீயோடு மட்டும் வேண்டாம். டீயும் காபியும் வாயில் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. டீ குடிக்கக் கால் மணி நேரத்துக்கு முன்பே கம்மை மென்று முடித்துவிடச் சொல்லுங்கள்.